ஆற்றின் குறுக்கே ஒரு கோடு: எதிரொலி ஆழத்திலிருந்து பரப்பு வரை

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் பிலிகுண்டுலு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் செயல்படுகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான ஓர் ஆண்டில் அந்த இடத்தில் 177.25 டி.எம்.சி. தண்ணீர் வந்து சேர வேண்டும். நாளிதழ்களில் ‘வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி’ என்று வரும் செய்திகளை டெல்டா விவசாயிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓடுகிற ஆற்றில் கன அடியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஆற்றை ஒரு கோட்டில் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் நீர்ப்பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்கித்தான் அந்த எண்ணைப் பெறுகிறார்கள்.

வேகத்தில் பிழை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அதைப் பலமுறை, பல இடங்களில், பல ஆழங்களில் அளக்கிறார்கள். பரப்பின் மேல் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் விழுவதில்லை. எதிரொலி ஆழமானி, அதாவது களத்தில் எல்லோரும் சொல்லும் ‘எக்கோ சவுண்டர்’, வந்த பிறகு அந்த நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. திரையில் ஆழம் சென்டிமீட்டர் வரை தெரிகிறது. படகு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்ச் சேருவதற்குள் நூற்றுக்கணக்கான புள்ளிகள் பதிவாகிவிடுகின்றன. அந்த எண்களைக் குறுக்குவெட்டுப் படமாகவும் பரப்பாகவும் மாற்றும் வழியில் எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் கணக்கிலிருந்து காணாமல் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருவி செய்வது எளிய வேலைதான். படகின் அடியில் அல்லது பக்கவாட்டுக் கம்பியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர், கேளா ஒலித் துடிப்பு ஒன்றைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அது ஆற்றுப்படுகையில் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தைப் பாதியாக்கி, நீரில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். ஐந்தரை மீட்டர் ஆழத்துக்குப் போய்வர அந்தத் துடிப்புக்கு வினாடியில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு நேரம்கூட முழுதாகத் தேவைப்படுவதில்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின், பனிமலைகளை முன்கூட்டியே அறிய வழி தேடிய ஜெர்மானியர் அலெக்சாண்டர் பெம் 1913இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பனிமலையைக் கண்டறிவதில் கருவி பெரிதாக உதவவில்லை; கடலின் ஆழத்தை அளப்பதில் நன்றாகவே உதவியது. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் பயணம் செய்த ஜெர்மன் ஆய்வுக் கப்பல் ‘மீட்டியோர்’ எதிரொலியைக் கொண்டே கடலடியின் மேடு பள்ளங்களைப் பதிவுசெய்தது.

ஆற்றில் அதற்கு முன்பு கழியும் கயிறும்தான். ஆழம் குறைந்த இடத்தில் கழி இன்றைக்கும் நம்பகமான கருவி. ஆழமான ஓட்டத்தில் எடை கட்டிய கயிற்றை விட்டால் நீரோட்டம் அதை வில்லாக வளைத்துவிடும். கயிற்றின் நீளம் உண்மை ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எக்கோ சவுண்டர் இந்தத் தொல்லையை நீக்கியது. அதற்குப் பதிலாக வேறு சில தொல்லைகளைக் கொண்டுவந்தது. அவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதுதான் வித்தியாசம்.

கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாதிரி ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். நீர்விளிம்பிலிருந்து நீர்விளிம்பு வரை அகலம் 120 மீட்டர். இடது கரை மணல் சரிவு. வலது கரையில் கருங்கல் படித்துறைச் சுவர். கரைகளை ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுதான் இடம், வலம் என்று பெயரிட வேண்டும். குறுக்குவெட்டுப் படத்திலும் இடது கரை இடப்பக்கம் வருவதே வழக்கம். தூரம் இடது கரை நீர்விளிம்பிலிருந்து தொடங்குகிறது. அன்றைய நீர்மட்டம், கரையில் நட்டிருக்கும் அளவுப் பலகையின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 152.40 மீட்டர்.

படகில் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை, கோட்டைத் தீர்மானிப்பது. வெட்டுக்கோடு நீரோட்டத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரு கரையிலும் முளை அடித்து, சிறிய ஆறு என்றால் குறுக்கே கயிறு கட்டி, பெரிய ஆறு என்றால் ஜிபிஎஸ் திரையில் கோட்டை வரைந்துகொண்டு அதன்மேல் படகை ஓட்டுகிறார்கள். கயிறு இல்லாத இடத்தில் நீரோட்டம் படகைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கோடு 20 டிகிரி சாய்ந்துபோனால் 120 மீட்டர் அகலம் 127.7 மீட்டராகத் தெரியும். பரப்பும் அதே விகிதத்தில் ஆறு விழுக்காட்டுக்கு மேல் உப்பிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் இரு முளைகளுக்கும் இடையிலான நேர்கோட்டின் மேல் இறக்கி, அந்தக் கோட்டின் வழியான தூரத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பிழை தீரும். படகு ஓடிய தூரத்தைக் கூட்டி அகலமாக்குவதுதான் தவறு.

அடுத்தது டிரான்ஸ்டியூசர் நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது. கருவி அளப்பது தன் முகத்திலிருந்து படுகை வரையுள்ள தூரத்தை மட்டுமே. நம் மாதிரியில் அது நீர்மட்டத்துக்குக் கீழே 0.30 மீட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு அளவோடும் இந்த 0.30ஐக் கூட்டினால்தான் நீர்மட்டத்திலிருந்தான ஆழம் வரும். ஆளும் பேட்டரியும் ஏறிய பிறகு படகு தாழ்கிறது. ஆகவே எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்த பின்தான் இந்த அளவை எடுக்க வேண்டும்.

கருவி அனுப்பும் தகவல் வரியைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பல கருவிகள் ஆழத்தை இப்படி ஒரு வரியாக வெளியிடுகின்றன:

```
$SDDPT,5.6,0.3*57
```

முதல் எண் டிரான்ஸ்டியூசருக்குக் கீழுள்ள ஆழம். இரண்டாவது, கருவியை அமைத்தவர் உள்ளிட்ட அமிழ்வு. அது நேர் எண்ணாக இருந்தால் டிரான்ஸ்டியூசரிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள தூரம் என்று பொருள். இரண்டையும் கூட்டினால் 5.9 மீட்டர். கடைசியில் இருப்பது வரி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடு. இங்கேதான் அதிகம் நடக்கும் ஒரு குழப்பம் பிறக்கிறது. திரை சில கருவிகளில் கூட்டிய ஆழத்தைக் காட்டும், பதிவுக் கோப்போ கூட்டாத ஆழத்தை வைத்திருக்கும். படகில் இருந்தவர் கூட்டிவிட்டிருக்க, அலுவலகத்தில் இருப்பவர் கூட்டவில்லை என்று நினைத்தால், 0.30 இருமுறை சேரும். நேர்மாறாக நடந்தால் ஒருமுறைகூடச் சேராது.

இதைத் தீர்க்கப் பழைய, எளிய சோதனை ஒன்று உண்டு. அடையாளமிட்ட கயிறு அல்லது சங்கிலியில் ஓர் இரும்புத் தட்டைக் கட்டி, நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் என்று டிரான்ஸ்டியூசருக்கு நேர்கீழே இறக்கி, கருவி என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆழத்திலும் ஒரே அளவு குறைந்தால் பிழை அமிழ்வில் இருக்கிறது. ஆழம் கூடக்கூடக் குறைவும் கூடினால் பிழை ஒலிவேகத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்கு ஈடாக எந்த மென்பொருளையும் சொல்ல முடியாது.

ஒலிவேகம் நம் ஊர் ஆறுகளில் பெரிய கவலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல கருவிகள் வினாடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. நன்னீரில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலிவேகம் 1482 மீட்டர், 30 டிகிரியில் 1509 மீட்டர். வெயிலில் காய்ந்த காவிரி நீர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். பிழை நூற்றில் ஒன்றைத் தாண்டாது. பனி உருகி ஓடும் இமயமலை ஆற்றில் 5 டிகிரி நீரில் வேகம் ஏறத்தாழ 1426 மீட்டர். அங்கே அதே கருவி ஐந்து விழுக்காடு அதிக ஆழத்தைக் காட்டும். முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறியிருந்தால் நிலைமை தலைகீழ்: உப்பு ஒலியை விரைவாக்குவதால் கருவி உண்மையைவிடக் குறைந்த ஆழத்தைக் காட்டும். அடையாற்றின் மேல்பகுதியில் சரிசெய்த கருவியைக் கழிமுகத்துக்கு எடுத்துப்போனால் தட்டுச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டியதுதான்.

இனி மாதிரி ஆற்றின் எண்கள். கரையோரம் படகு போக முடியாத ஆழத்தில் கழியால் அளந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கருவி. எல்லா எண்களும் மீட்டரில்.

| இடது விளிம்பிலிருந்து தூரம் | கருவி காட்டியது | நீர்மட்டத்திலிருந்து ஆழம் |
|---|---|---|
| 0 | – | 0.0 |
| 5 | கழி | 0.6 |
| 15 | 1.4 | 1.7 |
| 30 | 2.5 | 2.8 |
| 45 | 3.6 | 3.9 |
| 60 | 4.9 | 5.2 |
| 75 | 5.6 | 5.9 |
| 90 | 4.1 | 4.4 |
| 105 | 1.8 | 2.1 |
| 115 | கழி | 0.9 |
| 120 | கழி (சுவரோரம்) | 0.4 |

படம் வரைவதற்கு ஆழத்தை அப்படியே பயன்படுத்தாமல் படுகை மட்டமாக மாற்றுவது நல்லது. நீர்மட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால் போதும். 75 மீட்டரில் ஆழம் 5.9, ஆகவே அங்கே படுகை மட்டம் 152.40 − 5.90 = 146.50 மீட்டர். இப்படிச் செய்வதன் பயன் கொஞ்சம் கழித்துத் தெரியவரும். நீருக்கு மேலுள்ள கரைச் சரிவையும் லெவல் கருவியும் ஸ்டாஃபும் வைத்து அளந்து அதே கடல்மட்டக் கணக்கில் சேர்த்தால், வெள்ளம் ஏறும்போது ஆறு எவ்வளவு விரியும் என்பதும் படத்திலேயே இருக்கும்.

கிடைமட்டத்தில் 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர், செங்குத்தில் 1 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்து வரைபடத் தாளில் வரையலாம். இரண்டுக்கும் ஒரே அளவை வைத்தால் 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் ஆழமுள்ள கீறலாக ஆறு தெரியும். எதையும் படிக்க முடியாது. செங்குத்தைப் பத்து மடங்கு நீட்டும்போது மணல் சரிவு செங்குத்துப் பள்ளம் போலத் தோன்றும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இந்த அளவில் தாளின் ஒரு சதுர சென்டிமீட்டர் ஆற்றில் 10 சதுர மீட்டர். கோட்டுக்கு மேலுள்ள கட்டங்களை எண்ணினாலே பரப்பு தோராயமாக வந்துவிடும். கணினி இல்லாத நாளில் இதுவே முறை. இன்றைக்கும் கணினி சொன்ன விடையைச் சோதிக்க இதைவிடக் கைக்கடக்கமான வழி இல்லை.

முறையான கணக்கு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள பட்டையைச் சரிவகமாகக் கொள்வது: இரு ஆழங்களின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்க வேண்டும். முதல் பட்டை 0க்கும் 5க்கும் இடையில், சராசரி 0.3, பரப்பு 1.5 சதுர மீட்டர். 60க்கும் 75க்கும் இடையில் சராசரி 5.55, பரப்பு 83.25. சுவரோரக் கடைசிப் பட்டை 3.25. பத்துப் பட்டைகளையும் கூட்டினால் 392.75 சதுர மீட்டர். தூரங்கள் A2 முதல் A12 வரையிலும் ஆழங்கள் B2 முதல் B12 வரையிலும் இருந்தால் எக்செலில் இது ஒரே வரி:

```
=SUMPRODUCT((A3:A12-A2:A11)*(B2:B11+B3:B12)/2)
```

நீரளவீட்டு நூல்களில் இன்னொரு முறையும் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும், இருபுறமும் உள்ள இடைத்தூரங்களின் பாதி சேர்ந்த அகலத்தால் பெருக்குவது. வேகத்தை அளக்கும்போது இந்த முறையே வசதி, ஏனென்றால் வேகமும் அதே புள்ளியில்தான் அளக்கப்படுகிறது. எந்த முறை துல்லியம் என்ற கேள்வி அடிக்கடி எழும். மொத்த ஓட்டத்தைக் கணக்கிடும்போது இரண்டும் சற்று வேறுபடும். பரப்புக்கு மட்டும் என்றால், கரையோர அரைப்பட்டைகளை விடாமல் சேர்த்தால், இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். கூட்டலின் வரிசை மட்டுமே மாறுகிறது. விடை வேறுபட்டால் முறையில் குற்றம் தேட வேண்டாம், கரையோரத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். சிம்ப்சன் விதியும் பாடநூல்களில் உண்டு. அது சம இடைவெளியைக் கேட்கிறது. ஆற்றில் சம இடைவெளி அமைவது அபூர்வம் என்பதால் அதைத் தேடிப் போகத் தேவையில்லை.

உண்மையில் பெரிய பிழையைத் தருவது வேறொன்று. அட்டவணையின் பதினொரு ஆழங்களையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்துச் சராசரி எடுத்து, அதை 120ஆல் பெருக்கிப் பாருங்கள். சராசரி 2.54 மீட்டர், பரப்பு 304 சதுர மீட்டர். உண்மையில் இருப்பதைவிட 88 சதுர மீட்டர், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கரையோரத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் ஆழமற்ற இடம் சராசரியில் அளவுக்கு மீறி எடை பெற்றுவிடுகிறது. பதினொரு புள்ளி என்றால் யாராவது கவனிப்பார்கள். எக்கோ சவுண்டரோ நேரத்தைக் கொண்டு பதிவு செய்கிறது: வினாடிக்கு ஒரு புள்ளி, சிலவற்றில் அதற்கும் மேல். கரை நெருங்க நெருங்கப் படகின் வேகம் குறையும். அங்கே புள்ளிகள் குவியும். ஆயிரம் புள்ளிகளின் சராசரி என்றால் துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். அது படகோட்டி எங்கே மெதுவாகப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். தூரத்தைக் கொண்டு எடையிட்ட பிறகே அந்த ஆயிரம் புள்ளிகள் பரப்பாக மாறும்.

0.30 மீட்டர் அமிழ்வைக் கூட்ட மறந்தால் என்ன ஆகும்? கருவியால் அளந்த புள்ளிகள் மொத்தம் 100 மீட்டர் அகலத்துக்குப் பொறுப்பானவை. ஆகவே 30 சதுர மீட்டர் போய்விடும். ஏறக்குறைய எட்டு விழுக்காடு. நீரின் சராசரி வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் என்று வைத்தால், 392.75 சதுர மீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 8,300 கன அடி. விட்டுப்போன 30 சதுர மீட்டர் அதில் 630 கன அடிக்கு மேல். ஒரு முழம்கூட இல்லாத கம்பி நீளம் ஒரு பாசன வாய்க்காலின் தண்ணீரை விழுங்கிவிடுகிறது. அமிழ்வுப் பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே திசையில் விழுவதால், எத்தனை முறை அளந்தாலும் தேயாது.

கருவியால் அளக்க முடியாத கரையோரம் அடுத்த ஓட்டை. அனுப்பிய துடிப்பின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் பல கருவிகள் தடுமாறும். மாதிரி ஆற்றில் 15 மீட்டரிலிருந்து 105 மீட்டர் வரை மட்டும் கணக்கிட்டால் 361.5 சதுர மீட்டர்தான் கிடைக்கும். கரையோரத்தில் 31 சதுர மீட்டர் அப்படியே நிற்கிறது. கழி எடுத்துப்போகவில்லை என்றால் கடைசிப் புள்ளியை நீர்விளிம்போடு நேர்கோட்டால் இணைக்கலாம்; இடப்பக்க மணல் சரிவில் அதனால் கால் சதுர மீட்டர்தான் வித்தியாசம் வருகிறது. வலப்பக்கச் சுவரோரத்தில் ஆழம் பூஜ்யமல்ல என்பதால் இரண்டரை சதுர மீட்டர் குறைகிறது. இயற்கைக் கரையை நேர்கோட்டால் முடிக்கலாம், கட்டிய கரையை அளந்தே ஆக வேண்டும்.

புள்ளிகளின் நெருக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே ஆற்றை 30 மீட்டர் இடைவெளியில் ஐந்தே புள்ளிகளால் அளந்தால் 378 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட நான்கு விழுக்காடு குறைவு. 75 மீட்டரில் இருந்த ஆழமான பகுதி விட்டுப்போனதே முக்கியக் காரணம். சம இடைவெளியில் அளப்பதைவிட, படுகை திரும்பும் இடங்களில் புள்ளி வைப்பதே பலன் தரும்.

கருவி பொய் சொல்லும் தருணங்களும் உண்டு. ஆழமற்ற, கெட்டியான படுகையில் ஒலி படுகையில் பட்டு, நீர்மட்டத்தில் மோதி, மீண்டும் படுகைக்குப் போய்த் திரும்பும். அந்த இரண்டாம் எதிரொலியைக் கருவி பிடித்துக்கொண்டால் ஆழம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 105 மீட்டரில் 1.8க்குப் பதில் 3.6 என்று வந்தால், அந்த ஒரே புள்ளி பரப்பில் 22.5 சதுர மீட்டரைக் கூட்டிவிடும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒட்டாமல் திடீரென்று இரட்டித்து, சில வினாடிகளில் பழைய இடத்துக்கு இறங்கும் எண் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆழம் திடீரென்று குறைந்து வரும் எண்கள் வேறு கதை: ஆகாயத்தாமரை வேர், மீன் கூட்டம், மோட்டாரின் காற்றுக்குமிழிகள் ஆகியவை ஒலியை நடுவழியிலேயே திருப்பிவிடும். இந்தப் புள்ளிகளை நீக்கலாம். ஆனால் நீக்கியவற்றைத் தனியே வைத்திருக்க வேண்டும். மென்பொருளின் வடிகட்டி ஒரு பாறை முகட்டையும் ஒரு மீன் கூட்டத்தையும் ஒரே மாதிரி துடைத்துவிடும்.

ஒலி ஒரு நூலாகக் கீழே போவதில்லை, கூம்பாக விரிகிறது. சந்தையில் கிடைக்கும் மீன் தேடும் கருவிகளில் கூம்பின் கோணம் 20 டிகிரி இருப்பது சாதாரணம். அப்படியானால் 5.6 மீட்டருக்குக் கீழே அது சுமார் 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தொடுகிறது. அந்த வட்டத்தில் எது அருகில் இருக்கிறதோ அதன் எதிரொலிதான் முதலில் வரும். சமமான மணல் படுகையில் இதனால் நட்டமில்லை. ஒகேனக்கல் போன்ற பாறை இடுக்கில் குறுகிய பள்ளத்தின் அடியைக் கருவி பார்க்காது, விளிம்பைத்தான் பார்க்கும். சகதியில் இன்னொரு கேள்வி வருகிறது: படுகை என்பது எது? 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலி அதற்குள் நுழைந்து கீழுள்ள கெட்டியான அடுக்கிலிருந்து திரும்பும். இரண்டையும் ஒன்றாக அளந்தால் சேற்றின் கனமே தெரிந்துவிடும். தூர்வாரும் வேலைக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு அலைவரிசையில் அளந்தால், எடுக்காத சேற்றையும் எடுத்ததாகக் கணக்குக் காட்ட முடியும். ஒப்பந்தத்தில் அலைவரிசை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

ஜிபிஎஸ் நேரமும் ஆழமானியின் நேரமும் பொருந்தாமல் போவது மற்றொன்று. இருப்பிடத் தகவல் ஒரு வினாடி பிந்தி வந்து, படகு வினாடிக்கு 1.5 மீட்டர் ஓடினால், போகும்போது ஆழமான இடம் 73.5 மீட்டரிலும் வரும்போது 76.5 மீட்டரிலும் விழும். ஒரே கோட்டில் போய்த் திரும்பினால் இரண்டு பள்ளங்களாக இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடுப்புள்ளி உண்மை இடம். ஒரு வழி மட்டும் போய்விட்டுக் கிளம்பினால் தெரியாமலே போகும்.

பரப்பு கிடைத்ததும் பலர் அடுத்துத் தேடுவது நனைந்த சுற்றளவு, அதாவது நீர் தொடும் படுகையின் நீளம். மானிங் சமன்பாட்டுக்கு அது வேண்டும். அதைத் தாளின் மேல் நூல் வைத்து அளந்துவிடக் கூடாது. செங்குத்து பத்து மடங்கு நீட்டப்பட்ட படத்தில் பரப்பை அளக்கலாம், நீளத்தை அளக்க முடியாது. உண்மை அளவுகளைக் கொண்டு பிதாகரஸ் வழியில் கணக்கிட்டால், சுவரோர 0.4 மீட்டரையும் சேர்த்து 121 மீட்டர் வருகிறது. அகலத்தைவிட ஒரே மீட்டர்தான் கூடுதல்.

இரண்டு அளவீடுகளை ஒப்பிடும்போதுதான் படுகை மட்டமாக மாற்றியதன் பயன் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு நீர்மட்டம் 153.00 மீட்டராக இருக்கும் ஒரு நாளில் அதே கோட்டை அளந்தால், படுகை இம்மியும் மாறாவிட்டாலும் பரப்பு 465 சதுர மீட்டரை நெருங்கும். ‘ஆறு 70 சதுர மீட்டர் அரிக்கப்பட்டுவிட்டது’ என்று அறிக்கை எழுத இது போதும். ஆனால் அது தவறு. இரண்டு படங்களையும் ஒரே குறிப்பு மட்டத்துக்கு, உதாரணமாக 152.40க்கு, கீழே கணக்கிட்டால்தான் அரிப்பும் படிவும் வெளிப்படும்.

அரிப்பை அளக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதை 1987 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் காட்டியது. வெள்ளம் ஒரு தூணின் அடித்தளத்துக்குக் கீழிருந்த மண்ணை அரித்தெடுத்திருந்தது. பாலம் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 2018 ஆகஸ்டில் காவிரி வெள்ளத்தின்போது முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. திருச்சியில் கொள்ளிடத்தின் மேலிருந்த பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் அதே மாதத்தில் விழுந்தது. இத்தகைய இடங்களில் குறுக்குவெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வறண்ட காலத்தில் எடுக்கப்படும் படமாக இருந்தால் போதாது. வெள்ளத்தின் உச்சத்தில் தூணைச் சுற்றித் தோண்டப்படும் குழி, வெள்ளம் வடியும்போது மணலால் நிரம்பிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு படகை இறக்குபவர் சமமான படுகையைத்தான் பார்ப்பார். எக்கோ சவுண்டரின் எல்லை இதுதான்: அது அந்த நிமிடத்தின் படுகையை மட்டுமே சொல்லும்.

இப்போது ஒலியின் டாப்ளர் விளைவைக் கொண்டு வேகத்தையும் ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் அமிழ்வைக் கேட்கின்றன, கரையோரத்தை அளக்க முடியாமல் கணித்தே நிரப்புகின்றன. மேலே சொன்ன சோதனைகளில் எதுவும் அவற்றால் வேண்டாததாகவில்லை.

குறுக்குவெட்டு எடுக்கும் பொறியாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். படத்தின் மூலையில் தேதி, அளவுப் பலகையின் தொடக்க, இறுதி நீர்மட்டம், அமிழ்வு அளவு, அது கோப்பில் கூட்டப்பட்டதா இல்லையா, தட்டுச் சோதனையின் மூன்று எண்கள், கருவியின் அலைவரிசை ஆகியவற்றை எழுதுங்கள். திருத்தாத மூலக் கோப்பைப் படத்தோடு சேர்த்தே வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே கோட்டில் படகு ஓட்டப்போகிறவருக்கு உங்கள் 392.75ஐ ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.